போணி பண்ணாமல் போன அக்கா

அக்கா,

இன்று காலை முதல் ஆளாக வந்த பெண் நீட்டிய பத்து ரூபாய்த் தாளில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. பீங்கான் யூனிட்டில் வேலை செய்கிறவள் போல. கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தாளை முகத்தருகே கொண்டுபோனதும் அந்த ஈர மண் வாசனை வந்தது. நீ எதிரே நிற்கிற மாதிரியே இருந்தது. கல்லாவில் போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நான் இந்தப் பீங்கான் சாமான் கடை போட்ட புதிதில், அந்த இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நம் ஜங்ஷன் ரோட்டில் போணி என்றால் விளையாட்டில்லை. ஷட்டரைத் தூக்கி, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, கல்லாவுக்கும் ஜாடிகளுக்கும் சாம்பிராணி காட்டிவிட்டு உட்கார்ந்தால், முதல் ஆள் வரும்வரை கண் ரோட்டிலேயே இருக்கும். அதுவரை யாருக்கும் சில்லறை மாற்றித் தரமாட்டோம், கடன் பேச்சே கிடையாது. கேட்ட பொருள் இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘வரும்’ என்போம். முதல் ஆள் வெறுங்கையோடு போய்விடக் கூடாது என்பதற்காக விலையைக் குறைத்தாவது கையில் ஒன்றைக் கொடுத்துவிடுவோம். வலக்கையால் வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட பிறகுதான் மூச்சு சீராகும்.

என் கடைக்கு முதல் போணி நீதான். யூனிட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, “புதுக் கடையா? ஒரு உப்பு ஜாடி குடு. நல்லா ஓடட்டும்” என்று வாங்கிப் போனாய். அன்று மதியமே பழமலைநாதரைக் கும்பிட வந்த ஒரு பஸ் கூட்டம் கடைக்குள் புகுந்து பொம்மைகளை அள்ளிக்கொண்டு போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துப் பிளாஸ்டிக் கடை அண்ணனிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் அவரும் உன்னைக் கூப்பிட்டார். அப்புறம் ரோடு முழுக்க, “யக்கா, ஒரு கை வெச்சிட்டுப் போக்கா” என்று கடைக்குக் கடை குரல். ஒருவரிடம் சீப்பு, ஒருவரிடம் ஊக்கு, ஒருவரிடம் தீப்பெட்டி. போணிக்குக் கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவது மாதிரி. உனக்கு அது வராது.

கைராசிக்காரி என்று நாங்கள் கொண்டாடிய நேரத்தில் உன் பிழைப்பு ஆடிக்கொண்டிருந்தது. நீ ஒரு நாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. “ராசியாம் ராசி. அந்த ராசிதான் என்னத் தெனம் யூனிட்டு கேட்டுக்கு வெளிய நிக்க வெக்கிது. இன்னொரு வாட்டி லேட்டா வந்தீன்னா வேலையில்ல, அப்புடியே திரும்பிப் போயிடுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்கடி போவேன்?”

“கூப்புட்டா நிக்காம போயேன்க்கா” என்றேன்.

“நின்னுட்டுப் போனா வேல போவுது. நிக்காம போனா அவங்க வயிறெரிஞ்சி பாப்பாங்க. நீயே சொல்லு.”

அதற்கடுத்த நாள் காலையில் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய்.

நான் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கடை அண்ணன் அடுத்து உன்னைக் கூப்பிடத் தயாராக வாசலிலேயே நின்றிருந்தார். நீ உள்ளே வந்து ஊறுகாய் ஜாடியைத் தூக்கி, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி, “இது என்னா வெல?” என்றாய். சொன்னேன். பாதி விலைக்குக் கேட்டாய். ஒரு நாளும் பேரம் பேசாத ஆள்! திகைத்துப்போனாலும் போணியாயிற்றே, குறைத்தேன். அதற்கும் கீழே கேட்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சரி என்றேன். அப்போது உன் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று எனக்குப் புரியவில்லை. சட்டென்று ஜாடியை இடக்கையால் கீழே வைத்து, “ஒண்ணும் வேணாம், போ” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா என்றுகூடப் பார்க்காமல் வாய்க்குள் திட்டினேன். அண்ணன் சத்தமில்லாமல் தன் கடைக்குள் போய்விட்டார். அன்று உன்னை வேறு யாரும் கூப்பிடவில்லை. நான் மறுபடி தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தி, வேறு போணிக்காக உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஈ காக்கை இல்லை.

வெயில் ஏறிய பிறகு சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கச் சின்னச் சின்ன ஜாடியாக வேண்டுமாம். இருந்ததையெல்லாம் வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்து முடிக்கையில் எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. உள்ளே இருந்த அலமாரி காலி. பஸ் கூட்டம் வந்த நாளைவிட நல்ல வியாபாரம்.

மாலையில் அண்ணன் வாசலில் வந்து நின்றார். காலையில் கடை திறந்த கையோடு அவர் சரக்கு எடுக்கப் போயிருந்ததால் வேன் வந்தது அவருக்குத் தெரியாது. “எப்புடிம்மா போச்சி இன்னிக்கி?” என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரம் ஷிப்டு முடிந்து நீ எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டு. அன்று நீ நேரத்துக்குக் கேட்டுக்குள் போயிருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி யாரும் கூப்பிடக் கூடாதென்றுதான் என் போணியை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாய்.

வியாபாரம் இல்லை என்று கடைக்காரி தன் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தவள் நான். ஆனாலும் சொன்னேன்.

“ஒண்ணும் ஓடலண்ணே.”

“த்சொ. கைராசி போயிடுச்சி பாரு” என்றார். அந்தப் பேச்சும் ரோடு முழுக்கப் பரவியது. மறுநாளிலிருந்து நீ நடந்தால் எல்லோரும் கல்லாவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். நீ வீசி நடந்து போனாய். பார்க்கவே நன்றாக இருந்தது.

உன் லீவு நாளில் தயங்கித் தயங்கி என் கடைக்கு வந்தாய். “ஒங்கிட்டதான்டி அப்புடிப் பண்ண முடியும்னு தோணுச்சி. அன்னிக்கி ரொம்ப நஷ்டமா?” என்று கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. நான் உள்ளே இன்னும் நிரப்பாத அலமாரியைக் காட்டிக் கல்யாண வீட்டுக் கதையைச் சொன்னேன். நீ அப்படியே ஸ்டூலில் சரிந்தாய்.

“அப்ப ஒன் பொழப்ப நான் கெடுக்கலியே? சோறு எறங்கலடி எனக்கு.” அழுகையும் சிரிப்புமாக முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாய், பக்கத்துக் கடைக்குக் கேட்டுவிடப் போகிறதென்று. “நீ ஏன்டி எறக்கிக்கினே போன? ஓசியிலயே குடுத்துடுவியோன்னு பயந்துட்டேன் நானு!”

அன்று நாம் சிரித்த சிரிப்பில் என் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. கடைசிவரை அந்த வேலை உன்னிடம் நிலைத்தது. பிள்ளைகள் இரண்டும் படித்து நிமிர்ந்தார்கள். நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

உன் காரியத்தன்று உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கடை அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “தங்கமான பொம்பள. அந்தக் கை மட்டும் ஏன் பாதியில போச்சின்னு தெரியலம்மா” என்றார்.

இனி உன்னை யாராலும் கூப்பிட முடியாது. அதனால் சொன்னேன்.

“அது போவவே இல்லண்ணே. அன்னிக்கிதான் என் கடையே காலியாச்சி.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். “அடிப்பாவி! அப்ப இத்தினி வருசம் நாங்க கூப்புட்டிருக்கலாமே?”

“அதுக்குத்தான் சொல்லல.”

பிறகு அவரே, “வேலைக்குப் போற பொம்பளய தெனம் நிறுத்தி வெச்சிருக்கம், இல்ல?” என்றார். நான் தலையாட்டினேன்.

இன்றும் காலையில் விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போணிக்காகத்தான் காத்திருக்கிறேன், அக்கா. அந்தப் பயம் என்னை விட்டுப் போகாது. தானாக வருகிறவர்களை வாங்க என்கிறேன். ஆனால் ரோட்டில் வேகமாக நடந்து போகிற ஒருத்தியையும் நான் கூப்பிடுவதில்லை.