மறுக்கப்பட்ட சந்தா

என் கண்ணான மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார். நீ கடைசியாகத் தங்கிய அறைக்கே அனுப்புகிறேன்.

வெல்டிங் வேலைக்குப் போன இடத்தில் அந்த ஊர் மொழி பழக ஆப்புக்குச் சந்தா கட்டினாயே, நம்ம ஊர் கார்டில்? அப்போது ஓடிபி என்னிடமிருக்கும் உன் பழைய நம்பருக்கு வந்தது. எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியுமே. போனில் படித்துச் சொன்னேன். ஆப் மாதாமாதம் பணம் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒப்புதல் தர வேண்டுமாம். நீ தரவில்லை. அதனால் பாங்க் மறுத்து மறுத்து மெசேஜ் அனுப்புகிறது.

உன் போன் அணைந்த பிறகும் மெசேஜ் வந்தது; மருந்துக்கடைக்காரர்தான் படித்துச் சொல்வார். “பிள்ளை பணம் கட்டப் பார்க்கிறான், நல்லாத்தான் இருக்கான்” என்று சொல்லித்தான் உன் அம்மாவைச் சாப்பிட வைத்தேன்.

நேற்று இவர் சொன்னார்: “பெரியவரே, அது உங்க பையன் இல்ல. கடன்காரன் மாதிரி ஆப்பே தானா திரும்பத் திரும்பக் கேக்குது. ஆளே கார்டு நம்பரப் போட்டாத்தான் ஓடிபி வரும்.”

“இதுல ஒண்ணுகூட ஓடிபி இல்லையா?”

அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நீயே கார்டு நம்பரைப் போடு, சாமி. பணம் போகாவிட்டாலும் போகட்டும். ஓடிபி வந்தால் போதும்.

போனைக் கீழே வைக்காத
உன் அப்பா