தும்மலுக்குச் சொன்ன இரங்கல்

மார்ச் 4, செவ்வாய்

அரபு நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் குளிரறை மெக்கானிக்கின் அம்மா நேற்று ஊரில் இறந்துவிட்டார். காலையில் மேலாளர் என் மேசைக்கு வந்தார். "மேடம், உங்களுக்குத்தான் அரபி தெரியுமே. ஆபீஸ் சார்பா ரெண்டு வரி அவர் பாஷையிலேயே போட்டுடுங்க."

எனக்கு அரபி தெரியும் என்று இந்த மருந்துக் கிடங்கில் பரப்பியது யார்? நானேதான். அரபு நாடுகளுக்குப் போகும் பெட்டிகளின் லேபிளைப் படிக்க எழுத்து மட்டும் கற்றுக்கொண்டேன். பெட்டி வேறு, துக்கம் வேறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். புகழ் வரும்போது யார் தடுப்பார்கள்?

இதில் இன்னொரு சங்கடம். அந்த மனிதரும் நானும் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. இரண்டாம் குளிரறையை அவர் தாமதமாகச் சரிசெய்தார் என்று நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். உதிரிபாகமே வந்து சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புகாரைத் திரும்பப் பெற்றேனா? இல்லை. எனக்குத்தான் மானம், ரோஷம் எல்லாம் தாராளமாக இருக்கிறதே!

'இறைவன் உங்களுக்கு இரங்கட்டும்' என்று ஃபோனில் தமிழில் அடித்தேன். அரபியில் வந்தது: யர்ஹமுகல்லாஹ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாகவே ஒலித்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருபத்தாறு பேர் அதையே நகலெடுத்துப் போட்டார்கள். மேலாளர் கைகூப்பும் பொம்மையும் சேர்த்தார்.

மாலையில் மெக்கானிக்கிடமிருந்து பதில், அரபியில் ஒரே வரி. நன்றி என்றுதான் இருக்கும். திருப்தியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 5

தூக்கம் நேற்றோடு சரி.

வாசல் காவலாளி அண்ணனுக்குத் தாய்மொழி அரபி. எங்களோடு பல வருடம் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் செய்த நல்ல காரியத்தைப் பார்க்கட்டும் என்று பெருமையாக ஃபோனை நீட்டினேன். படித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி, இது தும்மினவங்களுக்குச் சொல்றது."

"எது?"

"யர்ஹமுகல்லாஹ். ஒருத்தர் தும்மி, இறைவனுக்கு நன்றி சொன்னதும் பக்கத்துல இருக்கிறவங்க சொல்லணும். இதுல அவர் அம்மாவே இல்லையே. அவருக்கில்ல சொல்லியிருக்க!"

"அப்போ அவர் போட்ட பதில்?"

"யஹ்தீகுமுல்லாஹு வ யுஸ்லிஹு பாலகும். தும்மினவர் திருப்பிச் சொல்றது. இறைவன் உங்களுக்கு நல்வழி காட்டட்டும், உங்க நிலைமையைச் சீராக்கட்டும்னு."

அம்மாவை இழந்த மனிதருக்கு இருபத்தேழு பேர் வரிசையாக நின்று தும்மல் வாழ்த்து! அவரும் மரியாதையாகத் தும்மல் பதிலே தந்திருக்கிறார். நல்வழி — எனக்குத் தேவைதான்.

வீட்டில் சொன்னேன். கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "நீ வேணும்னே பண்ணினேன்னு நினைச்சிருப்பாரு" என்றார்.

ஐயோ. ஆமாம்ல? புகார் எழுதினவளும் நான்தான், இதை முதல்ல போட்டவளும் நான்தான். அவர் இடத்துல நான் இருந்தா வேற என்ன நினைப்பேன்?

மார்ச் 6

அவர் ஊருக்குப் போகவில்லையாம். விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டதாம். அறையில் தனியாக உட்கார்ந்து ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் நாங்கள்.

மதியம் காவலாளி அண்ணனின் கூண்டில் பாடம் கேட்டேன். எழுத வேண்டியது இது:

عظّم الله أجركم، وأحسن عزاءكم، ورحم الله والدتكم

அழ்ழமல்லாஹு அஜ்ரகும், வ அஹ்ஸன அஸாஅகும், வ ரஹிமல்லாஹு வாலிததகும். இந்தத் துயரைத் தாங்குவதற்கான நற்கூலியை இறைவன் உங்களுக்குப் பெரிதாக்கட்டும், நல்ல ஆறுதலைத் தரட்டும், உங்கள் தாய்க்கு இரங்கட்டும்.

வினையெல்லாம் நடந்து முடிந்ததுபோல இருந்தாலும் அது வேண்டுதல்தானாம். கடைசியில் வரும் 'கும்' மரியாதைப் பன்மை, அவர் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளும். அவர் ஒருவருக்கே என்றால் 'க'. பெயர் சொல்லாமல் சுருக்கமாக எழுதினால் ஆணுக்கு ரஹிமஹு, பெண்ணுக்கு ரஹிமஹா.

"ஹாவுக்கு அப்புறம் ஒரு அலிஃப், ஒரே ஒரு கோடு. அதை விட்டா அம்மா அப்பாவாயிடுவாங்க" என்றார். "நீ வாலிதா, அதாவது தாய்னே எழுதிடு தங்கச்சி. உனக்கு அதுதான் பாதுகாப்பு."

என் திறமையை இதைவிட நாசூக்காக யாரும் அளந்ததில்லை.

மார்ச் 7

தும்மல் விஷயத்தைக் கேட்டதிலிருந்து மேலாளர் முன்னெச்சரிக்கைக்காரராகிவிட்டார். புது வாசகத்தைத் தன் ஃபோனில் திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன மேடம், 'கடவுள் உங்கள் சம்பளத்தை உயர்த்தட்டும்'னு வருது! எழுத்துப்பூர்வமா நாம எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?"

"அஜ்ர்னா கூலி, சார். இங்கே மறுமையில கிடைக்கிற கூலி."

"அதையும் நிர்வாகம்தான் முடிவு பண்ணணும்."

காவலாளி அண்ணனை மேலே அழைத்துவந்து, இது காலங்காலமாகச் சொல்லும் வாசகம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லவைத்தேன். மேலாளர் இறங்கிவந்தார். ஆனால் ஃபோனில் வேண்டாமாம். தடித்த அட்டையில் அச்சடித்து எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மார்ச் 8

அட்டை வந்தது. தங்க ஓரம், மூலையில் ரோஜா. அரபி மட்டும் சரியில்லை. அச்சுக்கடைக் கணினிக்கு அந்த எழுத்து ஒத்துவராதாம். கைகோத்து ஓட வேண்டிய எழுத்துகள் சண்டை போட்டவர்கள் மாதிரி தனித்தனியாக நின்றன. அதுவும் இடமிருந்து வலமாக. அச்சுக்கடைக்காரரோ, "டிசைனா பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

என் லேபிள் படிப்பு பயன்பட்ட ஒரே சமயம் இதுதான். அட்டையை நான் வெளியே விடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெள்ளைத் தாளில் நானே எழுதினேன். வலமிருந்து இடமாக. பதினான்கு தாள் வீண். அஸாஅகும் என்பதில் நடுவே வரும் ஹம்ஸா என்கிற குட்டி எழுத்து தனியாக நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் அதை யாருடனாவது ஒட்டினேன்.

பதினைந்தாவது தாளின் அடியில் தமிழில் சேர்த்தேன்: 'செவ்வாய்க்கிழமை அனுப்பியது அறியாமல் செய்த பிழை. புகார் தெரிந்தே செய்த பிழை. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

மேலாளரிடம் காட்டவில்லை.

மார்ச் 10

மெக்கானிக் வேலைக்கு வந்திருந்தார். தாளைக் கொடுத்தேன். ஓரளவு தமிழ் பேசுவாரே தவிரப் படிக்கத் தெரியாது. அரபியை அவர் படித்தார். தமிழை நானே வாய்விட்டுப் படித்தேன். அவர் தாளை நான்காக மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு கம்ப்ரஸரைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் ஃபோனில் வந்தது: ஷகரல்லாஹு ஸஃயகும். உடனே காவலாளி அண்ணனிடம் ஓடினேன். 'உங்கள் முயற்சியை இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்.' இரங்கலுக்கு முறையாகச் சொல்லும் பதில் இதுவேதானாம்.

"தும்மலுக்கு இல்லையே?"

"இல்ல தங்கச்சி."

இரண்டு முறை கேட்டேன்.

மார்ச் 13

மதிய இடைவேளையில் என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் முதல் முறை. ஃபோனை மேசையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு வயதான பெண்ணின் குரல், மூச்சுவிடாமல். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் திட்டு என்பது மட்டும் நன்றாகவே புரிந்தது.

"அம்மா. எழுதத் தெரியாது. அதனால பேசிப் பேசி அனுப்பும்" என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"குளிர்ல வேலை செய்யற, காதை மூடு, கழுதை."

சிரித்துவிட்டேன். நல்லவேளை, அவரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

போட்டார்.