நவம் சிரிக்க வேண்டும்

26.10.92 திங்கள்
விடியலில் தூறல். விறகெல்லாம் ஈரம். மண்ணெண்ணெய் இன்றும் இல்லை.

கந்தசட்டி தொடக்கம். அக்கா கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். எழுபத்திரண்டு வயது, இரத்தத்தில் சீனி வருத்தம். ஆறு நாளும் தண்ணீரும் மிளகும் மட்டுமாம். பலன் முழுவதும் நவத்துக்கு. எங்கள் கடைசித் தம்பி, லொறி ஓட்டியவன். செத்துப் போய் இரண்டு வருடம்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தம், திவசமும் தவறேல்லை. அது போதாதோ அக்கா?"

"அது அவன்ரை பசிக்கு. அவன்ரை பாவத்துக்கு ஆர் குடுக்கிறது? குடிச்சான், அடிபட்டான். கோயிலுக்குப் போனதே கடலை வாங்கத்தான்."

பிழை என்னுடையது. செத்த வீட்டில், அவனுக்கு என்ன கதி என்று அழுதவளிடம், "அவனவன் சோதினையை அவனவன்தான் எழுத வேணும்" என்று சொன்னேன். வகுப்பில் சொல்லிப் பழகிய வாய். அன்று தொடங்கியது அவளுடைய இந்தப் பயம்.

27.10 செவ்வாய்
வெயில். மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டினேன்.
அக்கா சீனிக்கான மருந்துக் குளிசையை மட்டும் போடுகிறாள். சாப்பாடு இல்லை. கை நடுங்குகிறது. கேட்டால், "குளிர்."

28.10 புதன்
கிணற்றடியில் அக்கா மயங்கி விழுந்தாள். பனங்கட்டியை வாயில் வைத்தேன். கண் திறந்ததும் முதல் வேலையாகத் துப்பினாள்.
"முறிச்சுப்போட்டாய் தம்பி! நவத்தின்ரை வாயிலை மண்ணைப் போட்டாய்."


சைக்கிளில் கோயிலுக்குப் போனேன். ஐயர் பூச்சரம் கட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து இவை விரதத்தை முறிக்காதாம். குருவின் சொல்லும் அப்படியே; குரு உண்ணச் சொன்னால் உண்ணலாம். நோயாளி தொடங்கிய விரதத்தை உடன்பிறந்தவர் பிரதிநிதியாக நின்று முடிக்கலாம். சங்கற்பம் யார் பேரிலோ, பலன் அவருக்கே.

"அது சரி ஐயா, ஒருத்தர் செய்த வினை இன்னொருத்தரிட்டைப் போகுமோ?"

"வினை அறிவில்லாத சடம், மாஸ்டர். தன்ரை பாட்டிலை எங்கையும் போகாது. செய்தவனிட்டைக்கூடத் தானாப் போகாது. சேர்க்கிறவன் சிவன். நாங்கள் விலாசம் எழுதலாம். குடுக்கிறது அவன்ரை விருப்பம்."

"இஞ்சை கடிதமே ரெண்டு மாதம் பிந்தித்தானே வருது."

"பிந்தினாலும் வருதெல்லோ!"

வீட்டுக்கு வந்து ஆட்டுப்பாலும் கதலிப்பழமும் நீட்டினேன். வாத்தியார் நான்தான் குரு, என் சொல்லுக்கு உண்ணலாம் என்றேன்.

"நீ ஊருக்கு வாத்தியார். எனக்குத் தம்பி."

"அத்தான்ரை பென்சன் கடதாசியிலை பெருவிரல் வைக்க வெக்கப்பட்டியள். சிலேட்டிலை கையெழுத்துப் பழக்கினது ஆர்?"

 பாலை வாங்கினாள். "கடைசி எழுத்தை நீ வடிவாச் சொல்லித் தரேல்லை."

நாளை முதல் மூன்று நாள் அக்காவுக்குப் பதிலாக விரதம் எனக்கு.

30.10 வெள்ளி
மழை. இரண்டாம் நாள். தலையிடி. பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள். முருகா.
அக்கா புழுங்கலரிசிக் கஞ்சி குடிக்கிறாள், எனக்கு முதுகு காட்டி.

மனதில் ஓர் அற்பம். பசி என்னுடையது, பலன் அக்காவுக்கு, அவளிடமிருந்து நவத்துக்கு. எனக்கு? எழுதவே வெட்கம்.

தெற்கில் படிப்பித்த காலம் நினைவுக்கு வந்தது. உடன் படிப்பித்த சிங்கள ஆசிரியர் வீட்டில், இறந்தவருக்காகப் பிக்குமாருக்குத் தானம். தட்டில் கிண்ணம் வைத்து, நிரம்பி வழியும்வரை நீர் வார்த்தார்கள். கொடுத்தவருக்குக் குறையாது என்றார். இறந்தவர் பங்கு வாங்குவதில்லை. நமது நற்செயலைக் கண்டு மகிழவேண்டும், அந்த மகிழ்ச்சியே அவருடைய புண்ணியம். அதாவது ஒருவன் பரிசு வாங்க, கடைசி வரிசை வாங்கில் இருக்கும் பெடியன் மனமாரக் கைதட்டுகிறான். தட்டிய கை அவனுடையது. சோதினையை அவனவன்தான் எழுதுகிறான்.
எனது பழைய வாக்கியமும் பொய்யாகவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

கவலைப்பட்டாள். "அப்ப அவன் சந்தோசப்படாட்டில்?"
"அவனுக்குக் கிடைக்காது போலை."
"விரதம் எண்டால் நக்கலடிக்கிறவனெல்லோ."

இதை ஏன் சொன்னேன்? இரண்டு நாளாக ஆறியிருந்த அவள் மனம்.

1.11 ஞாயிறு
வானம் வெளித்திருக்கிறது. விரதம் முடித்து உண்ணும் பாறணை. அதற்கு முன் முற்றத்தில் நீர் வார்ப்பு. அக்கா செம்பைப் பிடிக்க, நான் அவள் கையைப் பிடித்தேன். வாழையிலையில் பூ, பக்கத்தில் ஒரு கடதாசிச் சரை கடலை, அது அவள் யோசனை.

"ஆறு நாள் பலனும் என்ரை தம்பி நவத்துக்கு" என்றாள். நீர் விழவில்லை. செம்பை நிமிர்த்திவிட்டாள். அவன் மகிழ என்ன செய்வது என்று யோசிக்கிறாள் போலும். பிறகு இலையை நோக்கிக் குனிந்து, ரகசியம் போல:

"டேய் நவம், கேட்டியோ? உன்ரை அண்ணர் மூண்டு நாள் பட்டினி. முந்தநாள் கருவாட்டு வாசத்துக்கு வேலியடியிலை நிண்டவர். நான் கண்டனான்."

நான் சிரித்துவிட்டேன். அக்காவும். இருவரிலும் நவத்தின் சிரிப்பு அப்படியே: முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க.

"உவன் நவம் சிரிச்சிட்டான்" என்று சொல்லி, நீரை வார்த்தாள்.