வாசலின் மேல்கல்லைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

இங்கே மூவரும் நலம், சாப்பாடும் வேலையும் வழக்கம்போல. நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை, சாயங்காலம் மட்டும்தான் சிக்னல் என்றாய், அதுவும் இல்லை. ஞாயிறன்று நீ பழுதுபார்ப்பு வேலையில் இருக்கும் பழைய கோயிலின் வாசல் படம் ஒன்று வந்தது, ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதனால் இதைக் கையால் எழுதித் தம்பியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், எப்போது உன்னிடம் வந்தாலும் உடனே முழுக்கப் படி.

படம் வந்ததும் இந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். அவரவர் கையில் இருக்கும் கோலால் அளந்தோம். கட்டட வரைபடம் போட்டே ஓய்வுபெற்ற உன் அப்பா, பாணி என்ன என்றுதான் கேட்கிறாள் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நிலைக்காலில் கொடி செதுக்கிய பட்டை, அடியில் காவலர் உருவம், மேல்கல் நடுவே தாமரை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, செதுக்கலை மட்டும் வைத்து எந்தக் காலம் என்று அடித்துச் சொல்லக்கூடாது, பழைய கல்லைப் பிரித்துப் பின்னால் வந்தவர்கள் திரும்ப அடுக்கியிருப்பார்கள் என்றார். கல்யாண ஆல்பம் போடும் உன் தம்பிக்கு அது கண்ணிலேயே படவில்லை. அண்ணாந்து பிடித்ததால் நிலைக்கால்கள் மேலே போகப் போகச் சாய்கின்றன, அக்கா தள்ளி நின்று எடுத்திருக்க வேண்டும், ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் விழுவதால் செதுக்கல் எழும்பி நிற்கிறது என்று மார்க் போட்டான். நான் மட்டும் யோக்கியமா? படக்காப்பகத்தில் இருபத்தாறு வருடமாகப் படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள், கல்வெட்டு இருந்தால் அனுப்பு, அது இல்லாமல் வரலாறு சொல்ல முடியாது என்று உனக்கு நீளமாக எழுதினேன். மூன்று பதிலையும் நீ பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் மட்டும் வரவில்லை. அப்போதுதான், இவ்வளவு பேசியும் நீ கேட்க வந்ததற்குப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறதே என்று தோன்றியது.

நேற்று காலை அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டு, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்கல்லில், தாமரைக்குச் சற்று இடப்பக்கம், அடியிலிருந்து மேலே ஏறும் ஒரு கோடு. கல்லும் கல்லும் சேரும் இணைப்பு அங்கே இல்லை. கீழே அகலம், மேலே மெலிவு. பழைய விரிசல் என்றால் தூசியும் பாசியும் அடைந்து கறுத்திருக்கும், இது உள்ளே வெளுத்திருந்தது. நீ வேலையில் சேர்ந்த அன்று அதே வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற படம் என்னிடம் இருக்கிறதே, அதையும் பக்கத்தில் போட்டேன். வெயில் வேறு பக்கம் விழுந்தால் இருக்கிற விரிசலே மறைந்துபோகும், அதனால் முதலில் நிழலைச் சரிபார்த்தேன். காவலர் கையின் நிழல் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகிறது. அந்தப் படத்தில் கோடு இல்லை பாப்பா. இந்த இரண்டு மாதத்தில் வந்தது.

குறிப்பைப் படித்துவிட்டுப் பார்த்தால் குறிப்பில் இருப்பதுதான் தெரியும் என்று என் வேலையைப் பற்றி நான்தான் உன்னிடம் அலுத்துக்கொள்வேன். அதனால்தானே எதுவும் எழுதாமல் அனுப்பினாய்? நீ சொல்லாமலே எங்களுக்கும் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாய். நாங்கள் தாமரையைப் பார்த்தோம். வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை அந்த வாசல் வழியை மக்களுக்குத் திறப்பதாக உன் மேலதிகாரி அறிவித்திருப்பதும், இந்த மாதக் கடைசியில் உன் வேலை நிரந்தரமாக வேண்டியதும் அவருக்குத் தெரியும். "அவ புதுசு, பெரியவங்க பாத்துப்பாங்க, இவ வாயைத் திறந்து கெட்ட பேர் வாங்க வேணாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு படங்களையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, உன் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள். படத்தை வைத்து இது விழும், விழாது என்று யாராலும் சொல்ல முடியாது, புதியது என்று மட்டும்தான் சொல்ல முடியும், ஆனால் வழியை மூட அது போதும். கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை யாரும் அடியில் போகக்கூடாது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுவார்கள், அது உடைந்தால் கல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அதை ஒட்டக்கூட நீ ஏறாதே. வேலை போனால் போகட்டும், உன் அறை அப்படியேதான் இருக்கிறது. நீயும் உன்னோடு அங்கே வேலை செய்கிறவர்களும் முழுசாக இருக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். நூறாண்டு நன்றாக இரு. கிடைத்ததும் ஒரே ஒரு வார்த்தை அனுப்பு.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

பாப்பா, அம்மா தூங்கும்போது எடுத்துப் படித்தேன். காலையில் நானும் இரண்டு படத்தையும் அளந்து பார்த்தேன். விரிசல் புதியது. வரைந்து கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், நான் சொன்னதாகவே கொடு. ராத்திரி நான் பேசியது தப்பு.
அப்பா