ஏப்ரல் பதினேழாம் தேதித் தாள்

மகளிர் விடுதி, விருதுநகர்
9.8.2026, ஞாயிறு

பாசமுள்ள ஹரிஷ் அண்ணனுக்கு,

கற்பகவல்லி நலம். உங்கள் நலமும், குருவம்மாள் பெரியம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பின் நலமும் அறிய ஆவல். இங்கே குழம்பு என்று ஒன்று ஊற்றுகிறார்கள். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். போனை வார்டன் பூட்டி வைத்திருப்பதால், பிளஸ் டூ முடியும்வரை உலகத்தோடு தபால்தலை ஒட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நேற்று கிராப் தாள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஆடிப் பதினெட்டுக்கு வெளியிட்ட நீங்கள் வேலை பார்க்கும் பிரஸ்ஸின் காலண்டர் ஆல்பத்தை ஸ்டேஷனரிக் கடைக்காரர் புரட்டிக்கொண்டிருந்தார். 2027 தினசரிக்கு மாதிரியாக ஏப்ரல் மாதத் தாள்களை மட்டும் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இன்றைய சிரிப்பு.’ கடைக்காரர் ஒன்றை வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்: “அலாரம் வைத்துத் தூங்கினேன். அலாரமும் தூங்கிவிட்டது.”

அண்ணே, அது என்னுடையது. கோடை லீவில் இரண்டு நோட்டு நிறைய எழுதினேனே, 365. “முதலாளிகிட்ட காட்டிப் பாக்குறேன், அனுப்பு” என்றீர்கள். அம்மா போனிலிருந்து அனுப்பினேன். காட்டத்தான் கொடுத்தேன். அச்சடிக்கப் போவதாக யாரும் சொல்லவில்லை. தாளின் அடியில் ‘எழுதியவர்: ஹரிஷ்குமார்’ என்று இருக்கிறது. என் பேரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். புள்ளியாகக்கூட இல்லை.

அவசரத்தில் விட்டுப்போனதா, தெரிந்தே விட்டதா? பஸ் ஸ்டாப்பில் நின்று பத்துப் பேரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் கேட்பதுதான் முறை என்று தோன்றியது. அதனால் கேட்கிறேன்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கீழேயும் தள்ளிவிட்ட அண்ணனுக்கு,
தங்கை
கற்பகவல்லி


சிவகாசி
15.8.2026

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் அம்மா சின்னத்தாய் சித்தியை வெம்பக்கோட்டை பஸ்ஸில் பார்த்தேன். தீபாவளி சீசன் என்பதால் பட்டாசுக் கம்பெனி வேலையில் மூச்சுவிட நேரமில்லையாம். உனக்கு முறுக்கு கொடுத்தனுப்பச் சொன்னது.

ஏ பிள்ளே, ஒரு பெயருக்கா இம்புட்டுக் கோபம்? பிரஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பெயரைப் போட்டால் ஏஜெண்டுகள் சிரிப்பார்கள். முதலாளி “யாருப்பா எழுதுனது?” என்றார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எழுதியது நீ என்றாலும் அதை டைப் அடித்ததும், தாளுக்குள் அடங்குகிற மாதிரி வெட்டியதும், எந்தத் தேதிக்கு எது என்று பொருத்தியதும் நான்தானே? எப்படியோ உன் சிரிப்பு பத்தாயிரம் வீட்டுச் சுவரில் தொங்கப் போகிறது. அதை நினைத்துச் சந்தோசப்படு. அடுத்த வருசம் உன் பெயரைக் கட்டாயம் போடுகிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது வெடிகளுக்குப் பெயர் கேட்டார்கள். “எங்க டீம்ல கற்பகவல்லின்னு ஒரு பிள்ளை இருக்கு, நாப்பது பேரு எழுதித் தரும்” என்று உன் பெயரைச் சொல்லி, மாதிரிக்கு உன் சிரிப்புகளில் நாலை அனுப்பிவிட்டேன். பார்த்தாயா, உன் பெயரை நான் மறைக்கவில்லை!

நன்றாகப் படி.
அண்ணன்
ஹரிஷ்குமார்


விருதுநகர்
23.8.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

முறுக்கு வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. முறுக்கில் இருந்ததைவிடக் கடிதத்தில் முறுக்கு அதிகம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்கள் முதலாளிக்கு ஒரு ரசிகர் கடிதம் எழுதினேன். ‘காரியாபட்டி சீனிச்சாமி, ஓய்வுபெற்ற தாசில்தார்’ என்று கையெழுத்து. ஏப்ரல் 17-ஆம் தேதித் தாளைப் பாராட்டி, எழுத்தாளர் ஹரிஷ்குமாரிடம் ஒரே ஒரு சந்தேகத்தைக் கேட்டுச் சொல்லுமாறு பணிவாக வேண்டியிருந்தேன். அந்தத் தாளை நீங்கள் வாசித்தீர்களா அண்ணே? வாசித்திருந்தால் போட்டிருக்க மாட்டீர்கள். இதோ:

‘எங்கள் பெண்கள் விடுதி 14-ஆம் அறை ஜன்னலில் இட்லி வைத்தோம். காகம் வந்து தூக்கிப் பார்த்தது. முடியாமல் துணைக்கு இன்னொரு காகத்தை அழைத்து வந்தது.’

எழுதியவர்: ஹரிஷ்குமார்!

ஸ்டாம்பு ஒட்டி, தபால் பெட்டிவரை போய்விட்டேன். வாயில் பாதி கவர் நுழைந்தபோதுதான் உறைத்தது. இல்லாத சீனிச்சாமி பெயரில் நான் எழுதினால், என் எழுத்தில் உங்கள் பெயர் நிற்பதைப் பற்றி நான் என்ன வாய் திறக்க முடியும்? உருவி எடுத்துக் கிழித்துவிட்டேன். ஸ்டாம்பு வீண். அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

இனி என் பெயரிலேயே பேசுகிறேன். இரண்டும் இரண்டு விஷயம் அண்ணே. ஒன்றில் என் வேலை இருக்கிறது, என் பெயர் இல்லை. இன்னொன்றில் என் பெயர் இருக்கிறது, என் சம்மதம் இல்லை. ஒன்றைக் காட்டி மற்றதைச் சரிக்கட்ட முடியாது.

காலண்டர்: ஆல்பம் வெறும் மாதிரிதான், ஆர்டர் பிடித்த பிறகுதான் அச்சுக்குப் பிளேட் போடுவோம் என்று நீங்கள்தான் போன வருசம் சொன்னீர்கள். அப்படியானால் இன்னும் திருத்தலாம். ‘எழுதியவர்’ என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். வெட்டியதும் பொருத்தியதும் நீங்கள் என்பது உண்மை. அது சின்ன வேலையும் இல்லை. ‘தொகுப்பு: ஹரிஷ்குமார்’ என்று போட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் பெருமைதான். அடுத்த வருசம் என்பது வேண்டாம். அது அடுத்த வருசத்துச் சிரிப்புக்கு.

சாத்தூர்: நான் எந்த டீமிலும் இல்லை. ‘கேட்காமல் பெயரைச் சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளை எழுதவில்லை, அனுப்பிய நாலையும் எடுத்தாள வேண்டாம்’ என்று அவர்களுக்கு எழுதி, நகலை எனக்கு அனுப்புங்கள். நாளைக்கு நாற்பது பெயர் போய்ச் சேரவில்லை என்றால் ஏமாற்றுக்காரி என்ற பெயர் எனக்குத்தானே வரும்?

செப்டம்பர் பத்தாம் தேதிவரை காத்திருப்பேன். அதற்குள் நடக்கவில்லை என்றால் முதலாளிக்கு எழுதுவேன். உங்களுக்குத் தெரியாமல் எழுத மாட்டேன். எதை எழுதுகிறேனோ அதை முதலில் நீங்கள் படிப்பீர்கள்.

கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. இரண்டும் ஒரே அறையில்தான் தங்கியிருக்கின்றன, 14-ஆம் நம்பர்.

கற்பகவல்லி


விருதுநகர்
12.9.2026

அண்ணனுக்கு,

பத்தாம் தேதி போய்விட்டது. பதில் இல்லை. சொன்னபடி நகல் கீழே. 19-ஆம் தேதி சனிக்கிழமை தபாலில் சேர்ப்பேன்.

‘மதிப்பிற்குரிய மணிகண்டராஜ் ஐயா அவர்களுக்கு, வணக்கம். உங்கள் 2027 தினசரிக் காலண்டரில் வரும் சிரிப்புத் துணுக்குகளை எழுதியவள் நான். ஏப்ரல் 21 முதல் மே 16 வரை எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதி உள்ள நோட்டுகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மே 18 அன்று திரு. ஹரிஷ்குமாருக்குப் படம் எடுத்து அனுப்பிய செய்தி என் அம்மாவின் போனில் இருக்கிறது. பார்வைக்காக அனுப்பினேன். அச்சிட அனுமதி தரவில்லை. பிளேட் போடுவதற்கு முன் பெயரைத் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன். துணுக்குகளைத் தேதிவாரியாகத் தொகுத்தது அவருடைய உழைப்பு.’

இதில் கேலி எதுவும் சேர்க்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களைத் திட்டியும் ஒரு வார்த்தை இல்லை. இதில் ஏதாவது பொய் இருந்தால் சொல்லுங்கள், அடித்துவிடுகிறேன்.

க.


சிவகாசி
17.9.2026

கற்பகம்,

நீ எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. நாலு தடவை படித்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி எழுதிவிட்டுப் படுத்திருப்பேன். ‘அவருடைய உழைப்பு’ என்ற கடைசி வரிதான் என்னைச் சட்டை மாட்டிக் கிளம்ப வைத்தது.

நீ எழுதுவதற்கு முன் நானே போய்ச் சொல்வது என்று முதலாளி அறைக்குள் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆல்பத்தைப் புரட்டி ஏப்ரல் 17-ஐ எடுத்தார். கண்ணாடியை மாட்டி உரக்க வாசித்தார்.

“ஏலே ஹரிஷு, நீ எந்த வருசம்லே லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருந்தே?”

பைண்டிங்கில் இருந்த அக்காமார் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். இப்போது காலையில் பிரஸ்ஸுக்குள் நுழைந்ததும், “வார்டன் வந்துட்டாக, வழிய விடுங்க” என்கிறார்கள்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “எழுதுனவுகளக் கேக்காம இது பத்தாயிரம் காலண்டராகி வெளிய போயிருந்தா, பேரு கெடுறது உனக்கா எனக்கா? அதுவும் பதினேழு வயசுப் பிள்ளை. அவுக அம்மா கையெழுத்து இல்லாம பிளேட்டு போடக்கூடாது” என்றார். இந்த சீசன் முழுக்க என்னைப் புரூப் பார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். அடுத்தவர் எழுத்தை ஒழுங்காக வாசிக்கப் பழகவாம்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருசமாக அவர் என்னைக் கூப்பிடுவது “ஏய் கம்ப்யூட்டரு” என்றுதான். உன் அலாரம் சிரிப்பை வாசித்த அன்றுதான், “யாருப்பா எழுதுனது, நீயா? உம் பேரென்ன?” என்றார். பெயரைச் சொன்னேன். அந்த ஒரு நிமிஷ ருசிதான். அது நியாயமாகிவிடாது. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

இத்துடன் மூன்று தாள். சாத்தூருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று. ‘பரவாயில்லை, சொன்னதற்கு நன்றி’ என்று போனில் பதில் வந்துவிட்டது. அடுத்தது சம்மதக் கடிதம். இந்த ஒரு காலண்டருக்கு, 2027-க்கு மட்டும் என்று முதலாளி தன் கையால் எழுதியிருக்கிறார். நீயும் சித்தியும் படித்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது, புதுப் புரூப். பார்த்துக்கொள்:

எழுதியவர்: வெ. கற்பகவல்லி. தொகுப்பு: ஹரிஷ்குமார்.

இப்போதும் என்னை அண்ணன் என்று எழுதுவாயா?
ஹரிஷ்குமார்


விருதுநகர்
27.9.2026

என் அண்ணன், வார்டன் ஹரிஷ்குமார் அவர்களுக்கு,

புரூப்பை அறைத்தோழிகள் எட்டுப் பேரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ‘வெ’ போட மறக்கவில்லை நீங்கள். அப்பா வெள்ளைத்துரை இருந்திருந்தால் அந்த ஓர் எழுத்தைக் காட்டியே ஊர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்திருப்பார். நேற்று வந்த அம்மா, சம்மதக் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டது. விரலில் பட்டாசு மருந்துப் பொடி ஒட்டியிருந்ததால் ஓரத்தில் வெள்ளி ரேகை விழுந்திருக்கிறது. துடைக்க வேண்டாம்.

புரூப்பில் ஒரே ஒரு திருத்தம். ஏப்ரல் 17-ஆம் தேதித் தாளை மட்டும் பழையபடியே விட்டுவிடுங்கள். ‘எழுதியவர்: ஹரிஷ்குமார்.’ எழுதியவள் முழு மனதோடு கொடுக்கிறேன். பத்தாயிரம் வீட்டுக்காரர்களும் அன்று ஒருநாள் உங்களைப் பற்றி யோசிக்கட்டும்.

ஆனால் இதில் உங்கள் பெயரை நான் எடுத்தாள்கிறேன். அதனால் முறைப்படி கேட்கிறேன்: சம்மதமா? இல்லை என்றால் இல்லைதான், கோபிக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் செல்லும்.

பாசமுள்ள தங்கை
வெ. கற்பகவல்லி


சிவகாசி
1.10.2026
(தபால் அட்டை)

சம்மதம். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். மனசார எழுதிக் கொடுத்தால் சரி என்று சிரித்தார்.

இட்லி இன்னும் அப்படியேவா இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அம்மா கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புகிறது. 14-ஆம் அறை ஜன்னலில் வைத்துவிடாதே.

அண்ணன்
ஹரிஷ்குமார்