பூட்டிய அறையில் எடுத்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் வந்து முழங்காலிட்டாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. ஜீன்ஸ், குர்தா, தலையில் வெள்ளை லேஸ் முக்காடு. என் அம்மாவோடு போய்ச் சேர்ந்துவிட்டதென்று நினைத்திருந்த வழக்கம் இது. பூசை முடிந்ததும் வாய் சும்மா இருக்காமல், "ஏம்மா, வீட்ல போடச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, அம்மா கிண்டல்தான் பண்றாங்க. நற்கருணைல ஆண்டவர் இருக்காருல்ல, அவருக்காகப் போடறேன்" என்றாள். வெளியே வந்ததும் உனக்குப் போன் செய்து இதைச் சொல்ல வேண்டும் என்று கை பையைத் துழாவியது. அப்புறம்தான் உறைத்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் மாடிப்படிக்குப் பின்னால் இருந்த பெண்கள் அறைதான் நம் ராஜ்ஜியம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ரசம் போன கண்ணாடி. ஒரு மணிக்கு நீ வந்து தாழ்ப்பாளை இழுத்துவிட்டு அவிழ்க்க ஆரம்பிப்பாய். தோளில் குத்திய பின், தாடைக்குக் கீழே ஒரு பின், பிறகு நீளத் துணி, கடைசியில் நெற்றி முடியை அடக்கிவைத்த கறுப்புக் குல்லாய். அடேயப்பா, என்ன முடி அது! இடுப்பைத் தாண்டி விழும். "வேர்க்குதுடி ஸ்டெல்லா, ஃபேன கொஞ்சம் ஏத்து" என்று விரலால் கோதிக்கொண்டு உட்காருவாய். ஆனால் சாப்பிட்டு முடித்து லுஹர் தொழுகைக்கு விரிப்பைப் போட்டதும் மறுபடி முழுசாக மூடிக்கொள்வாய்.

எனக்குப் புரியவே இல்லை. "நாங்க ரெண்டு பேர்தான இருக்கோம்? எங்க முன்னாடி தொறந்து வெச்சிக்கினு, அல்லா முன்னாடி எதுக்கு மூடறே? அவருக்குத் தெரியாத முடியா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. ஆம்பளைங்க முன்னாடி மூடறது ஒண்ணு. தொழுகைக்கு மூடறது, ரூம்ல ஈ காக்கா இல்லன்னாலும் மூடணும். அது தொழுகையோட உடுப்பு" என்றாய்.

அறையில் மூன்றாவது ஆள் கமலா. சௌகார்பேட்டை மார்வாடி வீட்டு மருமகள், நம்மைவிடச் சுத்தமாகச் சென்னைத் தமிழ் பேசுவாள். மாமனார் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் புடவைத் தலைப்பு அவளுக்கு மூக்குவரை இறங்கியிருக்கும். பிறந்த வீட்டுக்குப் போனால் தலை திறந்தபடி தெருவெல்லாம் சுற்றுவாள். "எங்களுக்கு இது மரியாதை. மாமனார், புருஷனோட அண்ணன், அவ்ளோதான். ரோட்ல போறவனுக்கு இன்னாத்துக்கு மரியாதை?" என்பாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உனக்கு மாமனார் அப்பா மாதிரி, அவர் முன்னால் மூட வேண்டாம். ரோட்டில் போகிறவன் முன்னால்தான் மூட வேண்டும். "அட, நான் தொறக்கற எடத்துல நீ மூடறே, நான் மூடற எடத்துல நீ தொறக்கறே. ரெண்டு பேரும் சேந்தா ஒரு பொம்பள ஃபுல்லா மூடிடலாம்!" என்றாய். புருஷனின் அண்ணன் தம்பி விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் பாதி ஒத்துப்போனது. அவளுக்கு அண்ணன் மட்டும், உனக்குத் தம்பியும் சேர்த்தி.

என்னை நீ விடவில்லை. என் அம்மா பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது புடவைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள், ஜெபிக்கிற பெண் தலையை மூட வேண்டும் என்று பைபிளில் சின்னப்பர் நிருபத்தில் இருக்கிறது என்பாள். பிற்பாடு கோயிலில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒவ்வொருவராக விட்டார்கள், கன்னியாஸ்திரிகள் மட்டும் தங்கள் அர்ப்பணத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள் என்று விளக்கினேன். "நீ ஏன் வுட்டே?" என்றாய். "எல்லாரும் விட்டாங்க, நானும் விட்டேன்." "அப்போ போட்டதுக்கும் உங்கிட்ட காரணம் இல்ல, வுட்டதுக்கும் காரணம் இல்ல" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டாய். எனக்கு இரண்டு நாள் கோபம்.

ஆனால் உனக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, முப்பத்து மூன்று வயதில்தான் நீ போட ஆரம்பித்தாய். உன் வீட்டுக்காரரே, "ஆபீஸ்ல ஒரு மாதிரி பாப்பாங்க, வேணாம்" என்று தடுத்தார். மேலதிகாரி ஒருவர், கவுன்டரில் உட்காரவைத்தால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று உன்னைப் பின்னறைக்கு மாற்றினார். நீ பைல்களைத் தூக்கிக்கொண்டு போனாய், முக்காட்டை எடுக்கவில்லை. "கண்ணியம், பாதுகாப்புன்னு ஆயிரம் சொல்வாங்க. அதெல்லாம் இருக்கலாம். எனக்கு ஒண்ணுதான். அல்லா சொன்னான், நான் கேட்டேன்" என்றாய். உன் மகள் நஸ்ரீன் வளர்ந்து, "மனசுல ஹயா, அந்த வெக்கம் இருந்தா போதும் அம்மி" என்று போடாமல் இருந்தபோதும் நீ அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவ பதில் அவ சொல்லுவா" என்பாய்.

இன்னொன்றும் ஒருநாள் சொன்னாய். அதுதான் என்னை அறுக்கிறது. வேற்று மதத்துப் பெண்கள் முன்னாலும் தலையைத் திறக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உங்களில் உண்டாம். ஏன் என்று கேட்டேன். "அவங்க போய் ஆம்பளைங்ககிட்ட அவ முடி இப்படி, அழகு அப்படின்னு சொல்லிடுவாங்கன்னு பயம். நான் அப்படி நெனைக்கல. உங்க ரெண்டு பேர நம்பறேன்" என்றாய்.

நாம் ஓய்வு பெற்ற நாளில் அந்த அறையில் கடைசியாக உட்கார்ந்தபோது உன்னை ஒரு படம் எடுத்தேன். முடி முழுக்க விரிந்து, கமலா சொன்ன எதற்கோ கண் மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். பார்த்துவிட்டு, "நல்லா கீது. ஆனா இது உன் போனத் தாண்டக் கூடாது, இன்னா?" என்றாய். "தாண்டாது தாயே" என்றேன்.

நீ போன அன்று காலை பத்து மணி. நம் ஆபீஸ் ஊழியர் சங்கத்து பாஸ்கர் போன் செய்தான். "அக்கா, சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் எடுக்கறாங்களாம். பேனர் போடணும், உங்ககிட்ட நல்ல போட்டோ இருக்குமே?" கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. போனைத் தள்ளித் தள்ளி உன் முகத்தைத் தேடினேன். அந்தப் படம் வந்தது. இதுதான் அவள் என்று தோன்றியது, அனுப்பிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், தலை திறந்திருப்பதே என் கண்ணில் படவில்லை. இருபது வருஷம் மதியத்துக்கு மதியம் அப்படியே பார்த்துப் பழகிய கண் இது. ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் முக்காடு போட்ட படத்தைத்தான் எடுத்திருப்பார்கள். அந்தத் தப்பைச் செய்ய என்னால் மட்டும்தான் முடியும்.

மதியம் ஆட்டோவில் ராயப்பேட்டைக்கு, உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நஸ்ரீன் அழைத்தாள். "ஆன்ட்டி... தெரு முனைல அம்மி படம்... தலைல ஒண்ணுமே இல்லாம..." அதோடு வைத்துவிட்டாள்.

உன் தெருமுனையில், ஆளுயரத்தில், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தது. டீக்கடையில் நின்ற ஆண்கள், பைக்கில் போகிறவர்கள், ஜனாஸாவுக்கு, உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். டீக்கடை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். "யம்மா, விழுந்துடுவீங்க, இறங்குங்க" என்று கடைக்காரர் ஓடி வந்தார். "கத்தி குடுய்யா முதல்ல!" என்று கத்தினேன். அவரே ஏறி ஒரு பக்கக் கயிற்றை அறுத்தார், நான் மறுபக்கத்தை அறுத்தேன். படத்தை உள்பக்கமாக வைத்துச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பாஸ்கர் ஓடி வந்தான். "அய்யோ அக்கா, எனக்குத் தோணவே இல்லியே. நீங்க அனுப்பினதாலதான்..." அவன் மேல் தப்பே இல்லை. ஆனால் அதற்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தான். பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். உன் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எடுத்துவிடுங்கள், அழித்துவிடுங்கள், கும்பிடுகிறேன். பெரும்பாலானவர்கள் உடனே செய்தார்கள். மயிலாப்பூர் வசந்தா மட்டும் கேட்டாள்: "எங்காத்துல பொண்கள் தலைல முக்காடு போட்டுண்டாலே அம்மா பதறுவா. சாவுக்கும் கைம்பெண்ணுக்கும் ஆனதுன்னு. அதான் எனக்குப் புரியலை ஸ்டெல்லா. அவதான் போயிட்டாளே, இனிமே யார் பார்த்தா என்ன?"

உள்ளே இருந்து நஸ்ரீன் வந்து நின்றாள். குளிப்பாட்டிவிட்டு வந்த ஈரக் கை. அன்றைக்கு அவள் தலையில் துப்பட்டா இருந்தது. "யார் ஆன்ட்டி? இன்னா சொல்றாங்க?" என்றாள். சொன்னேன்.

"நான் போடறதில்ல ஆன்ட்டி. ஆனா அம்மி போட்டாங்க. போடணும்னு அவங்களா முடிவு பண்ணாங்க. செத்துட்டா அந்த முடிவு நம்முளுதாயிடுமா?" என்றாள். பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "குளிப்பாட்டி முடிய ரெண்டாப் பிரிச்சு நெஞ்சு மேல போட்டோம். அதுக்கு மேல ஓட்னி. அடக்கம் பண்ண ஆம்பளைக்கு மூணு துணி, நமக்கு அஞ்சு. அதுல ஒண்ணு தலைக்கு. அம்மி மூடிக்கினுதான் போறாங்க, அழாதீங்க."

எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள், பார். அம்மாவை இழந்தவள் அவள்.

உன்னை மூடி அனுப்பினார்கள். திறந்து தெருவில் வைத்தவள் நான். மன்னித்துவிடு என்று எழுதலாம், ஆனால் மன்னிக்க நீ இல்லை. யார் யார் போனில் இன்னும் அது இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

என் போனிலும் அழித்துவிடலாம் என்று பலமுறை விரலைக் கொண்டுபோனேன். சென்ற மாதம் நஸ்ரீன் அடையாறிலிருந்து வந்தாள். அந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மி இப்படிச் சிரித்து வீட்டில் பார்த்ததே இல்லை என்று அழுதாள்.

"உனக்கு அனுப்பிட்டு நான் அழிச்சிடறேம்மா. எனக்கு இதை வெச்சிக்கத் தகுதி இல்ல" என்றேன்.

போனை என் கையிலேயே வைத்து மூடினாள். "வேணாம் ஆன்ட்டி. அம்மி இத உங்ககிட்டதான குடுத்துட்டுப் போனாங்க. எனக்குப் பாக்கணும்னா நான் இங்க வரேன்."