தலைமையாசிரியை எழுதிய பொறுமைப் பாட்டு

அம்மா,

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பெரியப்பா மகன் பிளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்தான். பிக்கட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்ட வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே விரித்தான். புது பிளெக்ஸின் அந்த எண்ணெய் நாற்றம் அறை முழுக்க அடைத்துக்கொண்டது. ரோஜாப்பூ மாலைக்குள் உன் முகம். உன் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். கீழே, மஞ்சள் எழுத்தில், "பொறுமையின் சிகரமே."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்றத்தால் பாதி, அந்தச் சொல்லால் பாதி.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எஸ்டேட்டில் வேலை செய்து செத்த எந்தப் பெண்ணுக்கும் இந்த ஊரில் அந்த ஒரு பட்டம்தான் கைவசம் இருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொண்டவளெல்லாம் பொறுமைசாலி. எதிர்த்துப் பேசியவள் செத்தால் படம் மட்டும் போடுவார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால் பொறுமை என்றால் என்னவென்று உன் பேத்தி பாப்பாவுக்கு நீ விளக்கிய அந்தச் சாயங்காலம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பாப்பா அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு மாதமாக அவளுக்கு அடிவயிற்றில் வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல், சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா? பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போறதில்லையா?" என்று கேட்டார். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் கழிப்பறையை நீயும் பிறகு பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. குழாயில் தண்ணீர் இல்லை. பீங்கான் அடைத்துக்கொண்டு, நிரம்பி, மேலே தோல் போல ஏடு கட்டியிருந்தது. பிள்ளைகள் அதற்குள் போக முடியாமல் வெளித்தரையிலேயே இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். செருப்பு வழுக்கியது. இந்தக் குளிரிலும் ஈ. நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த சுவரில், நல்ல நீலப் பெயின்டில், அந்தப் பாட்டு.

வெட்டும் கரத்திற்கும் துளிர்தரும் தேயிலைபோல்
திட்டுவார்க்கும் நன்மையே செய்.

கீழே தலைமையாசிரியையின் பெயர், பட்டங்களோடு. அவர் கவிதை எழுதுவார் என்று பாப்பா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அங்கே எழுதச் சொன்னாராம். பெயின்ட் வாங்கத் தெரிந்தவருக்குத் தாழ்ப்பாள் வாங்கத் தெரியவில்லை. த்தூ என்று அந்தச் சுவர் மேலேயே துப்பியிருப்பேன், பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வந்து உன்னிடம் கொட்டித் தீர்த்தேன். நீ அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாய். நான் கத்தி முடித்ததும் பாப்பா உன்னிடம் வந்து, தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

"அம்மிச்சி, அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தமுங்க? அடக்கிக்கிட்டு இருக்கோணும்னா?"

எனக்குத் திக்கென்றது. நீ "ஆமா சாமி, பொறுத்துக்கோணும்" என்று சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். காலமெல்லாம் நீ எங்களுக்குச் சொன்னது அதைத்தான். நீ பட்டாணியைக் கீழே வைத்தாய்.

"பாட்ட ஒருக்கா சொல்லு. மெதுவா சொல்லு."

அவள் சொன்னாள்.

"இதுல வெட்டறது ஆரு?"

"மனுசன்."

"வெட்டு வாங்கறது?"

"செடி."

"வாங்கிக்கிட்டு என்ன பண்ணுது?"

"துளிர் குடுக்குது."

"செரி. இப்ப நான் கவாத்து எப்படின்னு சொல்றேன், கேட்டுக்க. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா செடிய இடுப்புக்குக் கீழ வெட்டுவாங்க. எடுத்த உடனே வெட்ட மாட்டாங்க. மொதல்ல சில வாரம் கொழுந்து கிள்ளாம செடிய சும்மா உட்டுருவாங்க. அப்பத்தான் மேல இருக்கற எல செஞ்ச சத்து வேருக்கு எறங்கும். அப்புறம் பென்சில் தண்டி வேர ஒண்ணு வெட்டி, அது மேல அயோடின் மருந்த ஊத்திப் பாப்பாங்க. கருநீலமா மாறுச்சுன்னா சத்து இருக்குதுன்னு அர்த்தம். மாறலீன்னா கத்திய உள்ள வெச்சிருவாங்க."

"ஏன் அம்மிச்சி?"

"சத்தில்லாத செடிய வெட்டுனா அது பொறுத்துக்காது கண்ணு. செத்துப்போகும். வெட்டும்போதும் மொத்தமா மொட்டை அடிக்க மாட்டாங்க. எலையோட ஒண்ணு ரெண்டு கெளைய உடுவாங்க, மூச்சு உட. வெட்டுன வாயில தண்ணி நிக்காம சாய்வா வெட்டுவாங்க, பெரிய காயத்துக்கு மருந்து தடவுவாங்க. அப்புறமும் மாசக்கணக்கா தொட மாட்டாங்க. இத்தனையும் பண்ணுனாத்தான் அது துளிர் குடுக்கும். பாட்டு எழுதுனவிய துளிர மட்டும் பாத்துட்டாங்க."

பாப்பா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதட்டை இழுத்துக்கொள்வாள், உனக்குத் தெரியும்.

"அப்ப பாட்டு தப்பா?"

"பாட்டு தப்பில்ல. ரெண்டாவது வரி என்ன சொல்லுது? திட்டறவனப் பத்திச் சொல்லுது. திட்டு காதுல உழுகும், போயிரும். நமக்கு உள்ள சத்து இருந்தா அதத் தாங்கிக்கிட்டு, திருப்பித் திட்டாம இருக்கலாம். அது பொறுமை. மூத்திரம் அப்படிப் போயிருமா? வயித்துலயே நிக்கும், உன்னையத்தான் அரிக்கும். நாத்தத்தப் பொறுத்துக்கன்னு இந்தப் பாட்டுல எங்கயும் இல்ல."

"நன்மையே செய்னு இருக்குதே?"

"இருக்குது. அவிய பள்ளிக்கூடம் நாறுதுன்னு அவிய கிட்டயே போயிச் சொன்னா அது நன்மைதான? நாளைக்குச் செஞ்சுட்டு வரலாம்."

நீ சிரிக்காமல்தான் சொன்னாய். நான்தான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் நாம் மூவரும் போனோம். தலைமையாசிரியையின் அறையில் மல்லிகை வாசம் அடிக்கும் ஏதோ ஒன்றை பிளக் பாயின்ட்டில் செருகி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் அவருக்கென்று தனிக் கழிப்பறை, பளபளவென்று பூட்டு. நீ கும்பிட்டுவிட்டு, பிள்ளைக்கு நோய் வந்ததைச் சொன்னாய்.

"பாட்டி, ஃபண்ட் வந்தா பண்ணலாம். பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் பொறுமையைக் கத்துக்கொடுங்க," என்றார் அவர். நீ நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க எஸ்டேட் ஆளுங்கதானே? லைன் வீட்டுல உங்களுக்கு என்ன டைல்ஸ் பாத்ரூமா கட்டிக் கொடுத்திருந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"அங்கயும் இல்லீங்க. அதனாலதானுங்க வந்தேன்."

அப்புறம், "பாட்டு நல்லா இருக்குதுங்க. புள்ளைக்கு இப்ப வருதாமுங்க. ஃபண்டு வர்ற வரைக்கும் உங்களுதுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க," என்று சொல்லிவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தனிக் கழிப்பறையை நோக்கி நடந்தாய். பூட்டின் முன்னால் போய் நின்றாய். சாவிக்காகக் கையை நீட்டவில்லை, கெஞ்சவில்லை. நின்றாய், அவ்வளவுதான். பாப்பா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவர் என்னென்னவோ பேசினார். நாகரிகம் தெரியாதவர்கள் என்றார், போலீஸ் என்றார். கடைசியில் கிளார்க் அம்மாள்தான் தாங்க முடியாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் இடைவேளை மணிக்கு நீ அங்கே இருந்தாய். மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாய். உன் பின்னால் முதலில் பாப்பா மட்டும். பிறகு அவள் தோழி. பிறகு ஆறாம் வகுப்புப் பெண்கள், வெட்கப்பட்டுக்கொண்டு. தலைமையாசிரியையின் மல்லிகை அறையில் கழிப்பறைக்கு வரிசை நின்றது. அவர் உன்னைத் திட்டாத நாளில்லை. நீ ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை, ஒரு நாளும் போகாமலும் இல்லை. அந்தம்மா மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை பாப்பா வீட்டில் நடித்துக் காட்டினாள். அந்த வாரம் முடியுமுன் பிளம்பர் வந்தார். எந்த ஃபண்டிலிருந்து என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தாழ்ப்பாள் போட்ட அன்று திரும்பி நடந்து வரும்போதுதான் பாப்பா கேட்டாள்.

"அம்மிச்சி, தோட்டத்துல உங்களுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

நீ தேயிலைச் சரிவைப் பார்த்தாய். "அடக்கிக்குவோம். மேல கங்காணி நின்னுக்கிட்டு இருப்பாரு, செடி இடுப்பு ஒசரந்தான் இருக்கும், எங்க போயி ஒளியறது? காத்தால தண்ணி குடிக்காமயே போயிருவோம். இந்தக் குளுருக்கு அப்பவும் வரும்."

"அது பொறுமையா?"

நான் உன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

"இல்ல சாமி. அது பயம். பொறுமைன்னு பேரு வெச்சுக்கிட்டோம்."

உன் சிறுநீரகம் இரண்டும் அப்போதே கெட்டிருந்தது. அடிக்கடி காய்ச்சல் வரும், கால் வீங்கும், கோயம்புத்தூருக்குப் போனோம், தாமதமாகிவிட்டது என்றார்கள். பல வருடமாகத் திரும்பத் திரும்பக் கிருமி தாக்கியிருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வைத்ததும் ஒரு காரணம் என்று சொன்ன அந்த இளவயது டாக்டர், "ரொம்பப் பொறுத்திருக்காங்க" என்றார். அங்கேயும் அந்தச் சொல். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. உன்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்த எல்லோர் மேலும், உன் இடுப்பு உயரத் தேயிலை மேலும், அதைக் குடித்துவிட்டு நல்லா இருக்கிறது என்று சொல்கிறவர்கள் மேலும். ஒரு வருடமாகியும் அது முழுசாகப் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பாப்பாவுக்கு இப்போது எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துதான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்.

நான் தேயிலை பேக்டரியில் பாக்கெட் போடும் பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது. "இப்பத்தானம்மா போனே" என்பார், நாலு பேர் சிரிப்பார்கள். முன்பெல்லாம் சாப்பாட்டு மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது அவருக்குப் பதில் சொல்வதில்லை, அவர் அனுமதிக்காகக் காத்திருப்பதும் இல்லை. வந்தால் எழுந்து போகிறேன். நேற்று நான் எழுந்ததும், எனக்குப் பக்கத்து இடத்துப் பெண்ணும் எழுந்து என் பின்னாலேயே வந்தாள்.